ஒரே படம், மூன்று விடை: மாலை வகுப்புப் புள்ளிகளுக்கு எந்த t சரி?

மாலைவகுப்பு_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியையாக இருக்கிறேன். தரம் 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்த பிறகு கணிதம் மாலை வகுப்பு எடுத்தேன். அதையே செயல்நிலை ஆய்வாக எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பு தொடங்குமுன் எழுதிய தவணைப் பரீட்சைப் புள்ளியும், வகுப்பு முடிந்தபின் நான் வைத்த பரீட்சைப் புள்ளியும் ஒரே தாளில் கையால் எழுதிய அட்டவணையாக இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரம் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், அதனால் அடிப்பக்கம் வெள்ளையாக அடித்துவிட்டது.

என் கணக்கில் t = 3.87 வந்தது. என்னோடு படிக்கும் தோழிக்கு இதே புள்ளிகளில் 1.16 வந்திருக்கிறது. என்னுடையதன்படி வகுப்பால் முன்னேற்றம் உண்டு, அவளுடையதன்படி இல்லை. யார் சரி?

நிலாவரை

ரீச்சர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தட்டினேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று கீழே போடுகிறேன்.

```
இல.  முன்  பின்
1    42   49
2    35   41
3    58   60
4    47   55
5    29   38
6    61   59
7    38   44
8    53   58
9    44   43
10   33   93
11   36   வரவில்லை
```

பதினோராவது பிள்ளையை விட்டுவிட்டேன். மற்றப் பத்துப் பேருக்கும் பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, சோடி t சோதனைதான் செய்தேன். எனக்கு 1.76 வருகிறது! பத்துப் பேருக்கு 5% மட்டத்தில் அட்டவணைப் பெறுமானம் 2.262, என்னுடையது அதைத் தாண்டவில்லை. ஆகவே உங்கள் தோழியின் முடிவுதான் சரி, அவ இலக்கத்தில் மட்டும் எங்கேயோ பிழை விட்டிருக்கிறா.

கச்சேரியடி

இதற்கு ஏன் இவ்வளவு மினக்கேடு? 30 பேருக்குக் குறைவென்றால் t சோதனையே செய்யக்கூடாது. அப்படியும் செய்ய வேண்டுமென்றால் முன் புள்ளியும் பின் புள்ளியும் தனித்தனியே செவ்வன் பரம்பலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்துப் பேரை வைத்து அதை எப்படிப் பார்ப்பது? விட்டுவிட்டு சராசரி 5 கூடியது என்று மட்டும் எழுதுங்கள்.

நெல்லியடி_சுபா

நிலாவரை அண்ணை, வராத பிள்ளைக்கு 0 போட வேண்டாமா? எங்கள் பாடசாலையில் வராதவர்களுக்குப் புள்ளிப் பதிவேட்டில் 0 தான் விழும்.

கச்சேரியடி அண்ணைக்கு ஒரு கேள்வி. நிலாவரை தட்டிய இலக்கங்களில் சராசரி 10 அல்லவா கூடுகிறது? உங்களுக்கு 5 எங்கிருந்து வந்தது?

கச்சேரியடி

நான் படத்தைப் பார்த்தே கூட்டினேன் தங்கச்சி. பத்தாவது பிள்ளைக்கு 43 என்றுதான் எனக்குத் தெரிந்தது.

பனையோலை

கச்சேரியடி போகிற போக்கில் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நிலாவரை தம்பி, உங்கள் பத்தாவது வரியைத் திரும்பப் பாருங்கள். முன் 33, பின் 93. மற்ற ஒன்பது பேரின் மாற்றம் −2 க்கும் 9 க்கும் இடையில் நிற்கிறது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் 60. கையால் எழுதும்போது 4 இன் தலையை மூடி எழுதினால் அது 9 போலத்தான் தெரியும். எந்தப் புள்ளிப் பதிவேட்டிலும் இந்தத் தொல்லை உண்டு.

ஊகிக்கத் தேவையில்லை, படத்திலேயே சாட்சி இருக்கிறது. அடியில் ரீச்சர் மொத்தம் போட்டிருக்கிறா. பின் நிரலின் மொத்தத்தில் கடைசி இரண்டு இலக்கங்களையும் ஃபிளாஷ் விழுங்கிவிட்டது, ஆனால் முதல் இலக்கம் 4 என்று தெரிகிறது. 93 என்று எடுத்துக் கூட்டினால் 540 வரும். 43 என்றால் 490.

நிலாவரை

அந்த மொத்தத்தில் உள்ள 4 உம் 9 ஆக இருக்கலாமே சேர்? நீங்கள்தானே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்றீர்கள்.

பனையோலை

நல்ல கேள்வி. மொத்தம் 900 க்கு மேல் போவதென்றால் பத்துப் பேரும் சராசரியாக 90 எடுத்திருக்க வேண்டும். இந்த வகுப்பில் வராது. ஆனாலும் இது படத்தை வைத்துச் சொல்வது. விடைத்தாள் ரீச்சரிடம் இருந்தால் அதுதான் கடைசிச் சொல்.

மாலைவகுப்பு_ரீச்சர்

விடைத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். 43 தான். மொத்தம் 490. நான் 4 எழுதுவதே அப்படித்தான், பிள்ளைகளும் சொல்வார்கள்.

நிலாவரை

சரி, 43 போட்டால் எனக்கும் 3.87 வருகிறது. ஆனால் ஒன்று பிடிபடவில்லை. 93 என்று வாசித்தபோது சராசரி முன்னேற்றம் 10. 43 என்றால் 5 தான். முன்னேற்றம் பாதியாகக் குறைந்திருக்கிறது, t மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பனையோலை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். t என்பது முன்னேற்றத்தின் அளவு அல்ல. முன்னேற்றத்தை, அந்த முன்னேற்றம் எவ்வளவு தளம்புகிறது என்பதால் வகுத்துக் கிடைப்பது.

43 உடன் செய்து பார்ப்போம். பத்துப் பேரின் மாற்றங்களும் 7, 6, 2, 8, 9, −2, 6, 5, −1, 10. கூட்டினால் 50, சராசரி 5. ஒவ்வொன்றும் 5 இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கித்துக் கூட்டினால் 150. அதை 9 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் 4.08. அதை √10 ஆல் வகுத்தால் நியம வழு 1.29.

t = 5 ÷ 1.29 = 3.87

இப்போது அந்த 10 க்குப் பதில் 60 ஐப் போடுங்கள். சராசரி 10 ஆகிறது. ஆனால் 60 தனியே எங்கேயோ போய் நிற்பதால் நியம விலகல் 4.08 இலிருந்து 17.95 க்குப் பாய்கிறது. நியம வழு 5.68. மேலே உள்ளது இரண்டு மடங்கு, கீழே உள்ளது நாலு மடங்குக்கு மேல். அதனால் t 1.76 ஆகச் சுருங்கிவிடுகிறது. பத்துப் பேர் உள்ள அட்டவணையில் ஒரே ஒரு இலக்கத்தைப் பிழையாக வாசித்தால் முடிவே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

படத்திலிருந்து இலக்கம் எடுப்பவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். t க்குப் போகுமுன் கழித்த நிரலை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை வாசிப்பேன். 33 உம் 93 உம் தனித்தனியே பார்த்தால் சந்தேகம் வராத புள்ளிகள். கழித்துப் பார்த்தால்தான் 60 கண்ணில் குத்தும். அதற்காகக் குத்துவதையெல்லாம் வெட்டவும் கூடாது. உண்மையிலேயே அந்தப் பிள்ளை 93 எடுத்திருந்தால் அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

மாலைவகுப்பு_ரீச்சர்

நன்றி சேர். அப்படியானால் தோழிக்கு 1.16 எப்படி வந்தது? அவளிடம் கேட்டேன், அவளும் 43 என்றுதான் தட்டியிருக்கிறாள். எக்செலில் Data Analysis ஐத் திறந்து `t-Test: Two-Sample Assuming Equal Variances` என்பதைத் தெரிவு செய்தாளாம்.

பனையோலை

அதுதான் காரணம். அதே பட்டியலில் `t-Test: Paired Two Sample for Means` என்று இன்னொன்று இருக்கும், அதைத் தெரிவு செய்திருக்க வேண்டும். தோழி எடுத்தது, முன் பரீட்சை எழுதிய பத்துப் பேரும் பின் பரீட்சை எழுதிய பத்துப் பேரும் வேறு வேறு பிள்ளைகள் என்று நினைத்துச் செய்யும் கணக்கு.

அந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன் புள்ளிகள் 29 இலிருந்து 61 வரை பரவிக் கிடக்கின்றன, அவற்றின் நியம விலகல் மட்டும் 10.8. பின் புள்ளிகளுக்கு 8.3. இது கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் இடையிலான தூரம், வகுப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் அந்தத் தூரம் முழுவதும் நியம வழுவுக்குள் போய், அதை 4.30 ஆக்கிவிடுகிறது. 5 ஐ 4.30 ஆல் வகுத்தால் 1.16.

சோடியாகக் கழிக்கும்போது 29 எடுத்த பிள்ளையை அதே பிள்ளையின் 38 உடன்தான் ஒப்பிடுகிறோம். பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசம் கழிபட்டுப் போய்விடும். இரண்டு கணக்கிலும் மேலே இருப்பது அதே 5 தான், கீழே 4.30 இருந்த இடத்தில் 1.29 இருக்கிறது.

சுருக்கமாகச் செய்ய விரும்பினால், முன் புள்ளி B நிரலிலும் பின் புள்ளி C நிரலிலும் இருக்க இதைத் தட்டுங்கள்:

```
=T.TEST(B2:B11,C2:C11,2,1)
```

கடைசியில் உள்ள 1 தான் சோடி என்று சொல்வது. அங்கே 2 போட்டால் தோழியின் கணக்கு. இது t ஐத் தராது, p ஐத்தான் தரும். 1 போட்டால் 0.004 அளவில் வரும், 2 போட்டால் 0.26 அளவில். எது எது என்று தெரியாமல் பார்த்தால் இரண்டும் ஒழுங்கான விடை மாதிரித்தான் இருக்கும், எக்செல் எச்சரிக்காது.

கச்சேரியடி சொன்ன 30 பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வன் பரம்பலைப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் பார்க்க வேண்டியது முன் நிரலையோ பின் நிரலையோ அல்ல, கழித்த நிரலை. 30 க்குக் குறைந்தால் t கூடாது என்பது தலைகீழ். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த கொசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908 இல் இதை வெளியிட்டதே சிறிய மாதிரிகளுக்காகத்தான். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக் காட்டிய தூக்க மருந்துத் தரவிலும் பத்து நோயாளிகள்தான், அதுவும் சோடிக் கணக்குத்தான்.

கச்சேரியடி

பத்து மாற்றங்களை வைத்து செவ்வனா இல்லையா என்று நீங்கள் மட்டும் எப்படிச் சொல்வீர்கள்? அந்தக் கேள்வி அப்படியேதானே நிற்கிறது?

பனையோலை

நிற்கிறது, மறுக்கவில்லை. பத்தை வைத்து ‘ஆம், செவ்வன்’ என்று நிரூபிக்க முடியாது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் தனி இலக்கம் இல்லை என்று மட்டும்தான் பார்க்கலாம். −2 இலிருந்து 10 வரை, நடுவில் கூட்டம். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாவிட்டால் செவ்வன் பரம்பல் தேவைப்படாத வில்கொக்சன் சோதனையும் செய்து பக்கத்தில் எழுதலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வெங்காயத்தறை

நல்ல இழை. நான் இணுவில் பக்கம் சின்ன வெங்காயம் செய்கிறேன், மகள் விவசாய பீடத்தில் படிக்கிறாள். எட்டுப் பாத்திக்குச் சேதனப் பசளை போட்டேன், வேறு எட்டுப் பாத்திக்குப் போடவில்லை. விளைச்சல் நிறுத்து வைத்திருக்கிறோம். முதல் பாத்திக்கு முதல் பாத்தி, இரண்டாவதற்கு இரண்டாவது என்று சோடி சேர்த்துக் கழித்தால் நல்ல t வருமா? தோழியின் முறையில் செய்து பார்த்தோம், ஒன்றும் வரவில்லை.

நெல்லியடி_சுபா

ஐயா, உங்களுடையது வேறு. ரீச்சரின் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரே பிள்ளை. உங்களுடையதில் முதல் பாத்தியும் முதல் பாத்தியும் ஒரு பட்டியலில் பக்கத்தில் எழுதியதால்தானே சோடி?

பனையோலை

சுபா சொன்னது சரி. பட்டியலில் வரிசையை மாற்றி எழுதினால் உங்கள் t மாறிவிடும் என்றால் அது சோடி அல்ல. ரீச்சரின் பிள்ளைகளை எந்த ஒழுங்கில் எழுதினாலும் 29 க்குப் பக்கத்தில் 38 தான் நிற்கும். நீங்கள் ஒரே பாத்தியைக் குறுக்கே பிரித்து, ஒரு பாதிக்குப் பசளை போட்டு மறு பாதியை விட்டிருந்தால் அது சோடி. இந்தப் போகத்துத் தரவுக்குத் தோழியின் முறைதான்.

வெங்காயத்தறை

விளங்குது. ஆனால் கிணற்றுப் பக்கம் உள்ள பாத்திகள் எப்போதும் நல்லாய் வரும். இரண்டு வகையிலும் கிணற்றிலிருந்து தூரத்தை வைத்துச் சோடி சேர்த்தால்?

பனையோலை

நடுமுன்பே அப்படிச் சோடி பிரித்து, எதற்குப் பசளை என்று நாணயம் சுண்டித் தீர்மானித்திருந்தால் யோசிக்காமல் ஆம் என்பேன். விளைச்சலை நிறுத்த பிறகு சோடி தேடுவது எனக்கு மனம் ஒப்பாது. மகளின் விரிவுரையாளரைக் கேளுங்கள், அவர் வேறு மாதிரியும் சொல்லக்கூடும்.

நெல்லியடி_சுபா

என் 0 கேள்வி அப்படியே கிடக்கிறது.

நிலாவரை

அதை நான் செய்து பார்த்தேன் தங்கச்சி. 36 எடுத்த பிள்ளைக்குப் பின் 0 என்று போட்டால் மாற்றம் −36. பதினொரு பேருக்கு சராசரி முன்னேற்றம் 1.3 ஆகிறது, t 0.33 க்கு இறங்கிவிடுகிறது. வராமல் விட்ட பிள்ளை கணிதம் முழுவதையும் மறந்துவிட்டது என்று எழுதுவதற்குச் சமம். பதிவேட்டில் 0 போடுவது வேறு, கணக்கில் போடுவது வேறு.

பனையோலை

அந்த வரியை முழுதாக விட வேண்டும், முன் புள்ளி 36 ஐயும் சேர்த்து. ரீச்சரின் முன் நிரல் மொத்தம் 476 என்று இருக்கிறது, அதில் இந்த 36 உம் உண்டு. பத்துப் பேருக்கு 440 தான். 476 ஐ வைத்து சராசரி எடுத்தால் பிழைக்கும். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று ஆய்வில் ஒரு வரி எழுதுங்கள். காய்ச்சல் என்றால் பரவாயில்லை. வகுப்பு விளங்காமல் நின்றுவிட்டது என்றால், மிஞ்சிய பத்துப் பேரின் முன்னேற்றம் கொஞ்சம் அழகாகத் தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும் ரீச்சர். இந்தப் பிள்ளைகளை எப்படித் தெரிவு செய்தீர்கள்?

மாலைவகுப்பு_ரீச்சர்

தவணைப் பரீட்சையில் 50 க்குக் குறைவாக எடுத்தவர்களை நான் கூப்பிட்டேன். 53, 58, 61 எடுத்த மூன்று பேர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். வராத பிள்ளைக்கு அன்று காய்ச்சல்தான்.

பனையோலை

அப்படியானால் இதைப் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டவர்களில் பின் பரீட்சை எழுதிய ஏழு பேரின் முன்னேற்றம் சராசரியாக 6.4. தாமாக வந்த மூவருக்கு 1.7. மெல்லக் கற்பவர்களுக்கு உங்கள் வகுப்பு கூடுதலாக உதவியது என்று இதை வாசிக்கலாம்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. ஒரு பரீட்சையில் 29 எடுத்த பிள்ளைக்கு அன்று தெரியாத பகுதியிலிருந்து கேள்வி வந்திருக்கலாம், தலையிடி இருந்திருக்கலாம். அடுத்த பரீட்சையில் அந்தத் துரதிர்ஷ்டம் திரும்ப வராது, புள்ளி தானாகவே கொஞ்சம் ஏறும். குறைந்த புள்ளியைப் பார்த்தே ஆட்களைப் பொறுக்கினால், எந்த வகுப்பும் எடுக்காமல் விட்டாலும் அவர்களின் சராசரி கூடத்தான் செய்யும். இந்த இரண்டில் எது என்று 3.87 சொல்லாது. 5 புள்ளி ஏற்றம் வெறும் தளம்பலால் வந்திருப்பது அரிது என்று மட்டும்தான் அது சொல்கிறது. 95% நம்பிக்கை வீச்சு 2.1 இலிருந்து 7.9 வரை, அதையும் எழுதுங்கள். t ஐ விட வாசிப்பவருக்கு அதுதான் உதவும்.

இரண்டு வினாத்தாளும் ஒரே கடினமா?

மாலைவகுப்பு_ரீச்சர்

ஒரே பாட அலகுகள்தான். இரண்டாவது தாளை நானே போட்டேன், கொஞ்சம் இலகு என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

நெல்லியடி_சுபா

வகுப்பால் புள்ளி கூடத்தானே செய்யும், ஒரு பக்கச் சோதனை செய்தால் p 0.002 ஆகக் குறையுமே?

பனையோலை

புள்ளிகளைப் பார்க்குமுன் அப்படி எழுதி வைத்திருந்தால் சரி. இப்போது வேண்டாம் என்பது என் கட்சி. 0.004 க்கு இன்னும் என்ன குறை?

கச்சேரியடி

இதில் நான் சுபாவின் பக்கம். மாலை வகுப்பால் புள்ளி குறையும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

நிலாவரை

ஆறாவது பிள்ளையையும் ஒன்பதாவது பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள் அண்ணை.

மாலைவகுப்பு_ரீச்சர்

சேர், ஒரு யோசனை. பக்கத்து வகுப்பில் மாலை வகுப்புக்கு வராத, 50 க்குக் குறைவாக எடுத்த ஒன்பது பேருக்கு அந்த ரீச்சர் என் இரண்டாவது வினாத்தாளையே கொடுத்திருக்கிறா. தவணைப் பரீட்சைப் புள்ளியும் அவவிடம் இருக்கிறது. அதை எடுத்தால் பயன் உண்டா?

பனையோலை

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கட்டாயம் எடுங்கள். அந்த ஒன்பது பேருக்கும் கழித்த நிரல் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளில் 50 க்குக் குறைவான ஏழு பேரின் கழித்த நிரலை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். இப்போது இரண்டு நிரலும் வேறு வேறு பிள்ளைகள். ஆகவே தோழியின் முறைதான், ஆனால் புள்ளிகளில் அல்ல, மாற்றங்களில். வினாத்தாள் இலகு என்றால் இரண்டு நிரலும் சேர்ந்துதான் ஏறும். குறைந்த புள்ளி தானாக ஏறுவதும் இரண்டு பக்கமும் நடக்கும். மிஞ்சுவதில்தான் உங்கள் வகுப்பைத் தேட வேண்டும். ஏழும் ஒன்பதும் சின்ன எண்கள், வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் பிடிபடாமல் போகலாம். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

கச்சேரியடி

அந்த ஒன்பது பேரும் வேறெங்கும் ரியூசன் போகவில்லை என்று யாருக்குத் தெரியும்? யாழ்ப்பாணத்தில் தரம் 10 பிள்ளை ஒன்று ரியூசன் இல்லாமல் இருக்கிறதா?

மாலைவகுப்பு_ரீச்சர்

அதை அந்த ரீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன். புள்ளித் தாளைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்பும்படியும் சொல்லியிருக்கிறேன்.